துவரம் பருப்பின் சராசரி விலை இறங்குகிறது, ஆனால் எந்தக் கடையும் விலையைக் குறைக்கவில்லை. கோளாறு எங்கே?

ஜூரோங்வாசி

சிங்கப்பூரில் இணையம் வழியாக மளிகை விற்கும் சில சிறிய இந்தியக் கடைகளின் துவரம் பருப்பு விலையை ஒவ்வொரு நாள் காலையும் பைதான் நிரல் ஒன்றால் திரட்டி வருகிறேன். தேதி, கடை, பொருளின் பெயர், விலை, எடை ஆகியவை ஒரு கோப்பில் சேர்கின்றன. எடையால் வகுத்து ஒரு கிலோவின் விலையைக் கண்டுபிடிக்கிறேன். பிறகு பாண்டாஸில் தேதிவாரியாக `groupby` செய்து சராசரி எடுத்து, கோடு வரைகிறேன்.

அந்தக் கோடு ஒரே நாளில் தடாலென்று விழுந்திருக்கிறது. கடைகளின் பக்கங்களைத் திறந்து பார்த்தால் யாரும் தள்ளுபடி கொடுக்கவில்லை. ஒரு கடை 20 காசு ஏற்றியிருக்கிறது! விலை ஏறியதற்கு என் வரைபடம் இறங்கிக் காட்டுகிறது.

புரிவதற்காக நான்கு பொருள்களை மட்டும் தருகிறேன். எல்லாம் ஒரு கிலோ கணக்கு. முதல் நாள்: அ 3.80 வெள்ளி, ஆ 4.00, இ 5.20, ஈ 7.20. ஈ என்பது இயற்கை விவசாயப் பருப்பு, அரைக் கிலோ பொட்டலம். மறுநாள்: அ 4.00, ஆ 4.00, இ 5.20. நிரலில் பிழை இருக்கிறதா, இல்லை கணக்கிலா?

அங்மோகியோ_தாத்தா

தம்பி, மலிவான பருப்பு எங்கே கிடைக்கும் என்பதற்கு இத்தனை பாடா? பயனீட்டாளர் சங்கம் 2019இல் 'பிரைஸ் காக்கி' என்று ஒரு செயலியே வெளியிட்டது. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு நடந்து போய்ப் பாருங்கள். பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தரம் தெரியும். திரையில் தெரியுமா?

ஜூரோங்வாசி

ஐயா, இன்று எங்கே மலிவு என்பது என் கேள்வி இல்லை. ஒரே பொருளின் விலை மாதக்கணக்கில் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பழைய விலையும் கையில் இருக்க வேண்டும். தேக்காவுக்கும் போகிறேன், அது வேறு.

பைதான்_பாலன்

இது மிகச் சுலபம். மறுநாள் ஈ-யின் வரிசை இல்லை, அதனால்தான் விழுகிறது. சராசரி எடுப்பதற்கு முன்னால் `df["per_kg"].ffill()` என்று ஒரு வரி சேருங்கள். விடுபட்ட இடத்தில் முந்தைய விலை வந்து உட்கார்ந்துவிடும். வேலை முடிந்தது.

எண்மீனாள்

பாலன் நோயைச் சரியாகச் சொன்னார், மருந்துதான் சரியில்லை. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

முதல் நாள் நான்கையும் கூட்டினால் 20.20, நான்கால் வகுத்தால் 5.05 வெள்ளி. மறுநாள் மூன்றுதான் இருக்கின்றன. கூட்டினால் 13.20, சராசரி 4.40. மாறிய ஒரே விலை மேலே போயிருக்கிறது. சராசரியோ 65 காசு கீழே வந்திருக்கிறது. ஏனென்றால் இந்தச் சராசரி விலையை மட்டும் அளக்கவில்லை, அன்று அலமாரியில் என்னென்ன இருந்தன என்பதையும் சேர்த்து அளக்கிறது. விலை உயர்ந்த பொருள் ஒன்று தீர்ந்துபோனால் கோடு விழும். அது திரும்பி வந்தால் எழும். உங்கள் நிரலில் பிழை இல்லை. நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று, கணக்குச் சொன்ன பதில் இன்னொன்று.

கேட்க வேண்டிய கேள்வி இது: நேற்றும் இன்றும் இரண்டு நாளும் இருந்த பொருள்களின் விலை எத்தனை மடங்கு மாறியது? அ: 4.00 ÷ 3.80 = 1.0526. ஆ, இ இரண்டும் 1. இந்த மூன்று விகிதங்களின் பெருக்குச் சராசரி 1.017. அதாவது அன்றைய பருப்பு விலை ஏறத்தாழ 1.7 விழுக்காடு ஏறியிருக்கிறது. ஈ அன்று இல்லாததால் அது பேசவில்லை, அவ்வளவுதான். இப்படி ஒவ்வொரு நாளின் விகிதத்தையும் முந்தைய நாளுடன் பெருக்கிக்கொண்டே போனால் 100இல் தொடங்கும் குறியீட்டெண் கிடைக்கும். விலைக் குறியீட்டைப் பெருக்குச் சராசரியால் கணக்கிடும் முறைக்கு ஜெவன்ஸ் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பொருளியலாளரின் பெயரே நிலைத்திருக்கிறது. புதுச் சரக்கு அல்ல.

பாலன் சொன்ன வரியில் இரண்டு ஆபத்துகள். உங்கள் கோப்பு நீளவாட்டில் இருக்கிறது: ஒரு வரிசையில் அ, அடுத்ததில் ஆ. அப்படியே `ffill()` போட்டால் ஈ-யின் வெற்றிடத்தில் இ-யின் விலை வந்து உட்காரும். போதாததற்கு, ஈ-க்கு மறுநாள் வரிசையே இல்லை என்கிறீர்கள். இல்லாத வரிசையை ffill எப்படி நிரப்பும்? முதலில் ஒவ்வொரு பொருளையும் ஒரு தனி நெடுவரிசை ஆக்குங்கள்.

```python
import numpy as np
w = df.pivot_table(index="date", columns="item_id",
                   values="per_kg", aggfunc="last")
w = w.asfreq("D").ffill(limit=7)
step = np.log(w).diff().mean(axis=1)
index = 100 * np.exp(step.fillna(0).cumsum())
```

`date` உண்மையான தேதி வகையாக இருக்க வேண்டும், வெறும் எழுத்தாக இருந்தால் `asfreq` சரியாக வேலை செய்யாது. மடக்கையின் வித்தியாசத்தைச் சராசரி எடுப்பதும் விகிதங்களின் பெருக்குச் சராசரியும் ஒன்றே. இரண்டு நாளில் ஒரு நாள் விலை இல்லையென்றாலும் `diff` வெறுமையைத் தரும், `mean` அதைத் தாண்டிப் போய்விடும். `ffill` ஈ-யின் பழைய விலையை ஏழு நாள் வரை சுமப்பதால், மேலே பார்த்த இரண்டு நாளுக்கு இந்த நிரல் 1.7 அல்ல, ஏறத்தாழ 1.3 விழுக்காடு என்று சொல்லும். ஏழு நாள் வரம்பு என் விருப்பம். வரம்பே இல்லாவிட்டால், கடை நிறுத்திவிட்ட பொருள்கூட ஆண்டுக்கணக்கில் அசையாத விலையுடன் உயிர் வாழும், மற்றவற்றின் ஏற்றத்தையும் நீர்த்துப்போகச் செய்யும்.

ஒன்று கேட்க வேண்டும். ஈ அன்று உண்மையிலேயே தீர்ந்துபோனதா, அல்லது உங்கள் நிரலால் அந்தப் பக்கத்தை எடுக்க முடியவில்லையா? கோப்பை வைத்து அதைச் சொல்ல முடிகிறதா?

ஜூரோங்வாசி

அக்கா, உங்கள் ஐந்து வரியில் பள்ளம் மறைந்துவிட்டது. கோடு இப்போது மெதுவாக மேலே ஏறுகிறது.

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விலை கிடைத்தால் எழுதுகிறேன், கிடைக்காவிட்டால் எழுதுவதில்லை.

எண்மீனாள்

அப்படியானால் இன்னொரு கோப்பு வையுங்கள். எந்த முகவரியைக் கேட்டேன், எத்தனை மணிக்கு, சர்வர் என்ன எண் சொன்னது, விலை கிடைத்ததா என்று ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வரி விழட்டும். 200 வந்து 'இருப்பு இல்லை' என்று இருந்தால் அது கடையின் செய்தி. 200 வந்தும் விலை அகப்படவில்லையென்றால் பக்கத்தின் வடிவம் மாறியிருக்கிறது, உங்கள் நிரல் குருடாகிவிட்டது. 429 அல்லது 503 வந்தால் நீங்கள் அவர்களைத் தொந்தரவு செய்கிறீர்கள். கோப்பில் மூன்றும் ஒரே வெற்றிடமாகத் தெரியும், ஆனால் மூன்றுக்கும் செய்ய வேண்டியது வெவ்வேறு.

எடுத்த பக்கத்தையும் அப்படியே சுருக்கிச் சேமித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எடையைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று தெரிந்தால், பழைய பக்கங்களை மீண்டும் படித்துச் சரிசெய்யலாம். நேற்றைய விலையைக் கேட்டு நாளைக்குக் கடையைத் தட்ட முடியாது.

மசாலாக்கடை_அக்கா

நான் கடைக்காரி. சிராங்கூன் சாலைப் பக்கம் சிறிய கடை, இணையத்திலும் விற்கிறோம். உங்களைப் போன்ற ஒரு நிரல் ஒரு நாள் மதிய நேரத்தில் என் தளத்தைப் பிடித்துக்கொண்டது. பொருள் பக்கத்தோடு நிற்கவில்லை. 'விலைவாரியாக அடுக்கு', 'பிராண்டுவாரியாகக் காட்டு' என்று எல்லாச் சேர்க்கைகளையும் ஒன்றுவிடாமல் திறந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் எங்களுக்கு ஆர்டர் அதிகம். வாடிக்கையாளர்களுக்குப் பக்கம் திறக்கவே இல்லை. யார் என்று கேட்கவும் வழியில்லை, குரோம் உலாவி என்று பொய்ப் பெயரில் வந்திருந்தது.

பருப்புக்கு இரண்டு மூன்று பக்கம், அதிகாலையில் ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில விநாடி இடைவெளி. இப்படி வந்தால் எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. பெயரும் மின்னஞ்சலும் போட்டு வந்தால் இன்னும் நல்லது. கேட்டிருந்தால் விலைப்பட்டியலையே அனுப்பியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், எண்மீனாள் சொல்லவில்லை. நாங்கள் ஒரு பருப்பை 1 கிலோவிலிருந்து 900 கிராமுக்கு மாற்றினோம். விலை அதேதான், பக்கத்தின் முகவரியும் அதேதான். தலைப்பில் எண் மட்டும் மாறியது. அதைக் கவனித்தீர்களா?

எண்மீனாள்

அருமை. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் தெரியாத செய்தி இது. விலை 4.00 வெள்ளியிலேயே நின்றாலும் கிலோ விலை 4.44 ஆகிவிட்டது, 11 விழுக்காடு ஏற்றம். பொருளை முதன்முறை பார்த்தபோது குறித்த எடையையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் நிரலுக்கு இது தெரியவே தெரியாது. எடையை ஒவ்வொரு நாளும் தலைப்பிலிருந்து புதிதாகப் படிக்க வேண்டும். நேற்றைய எடையிலிருந்து மாறினால் நிரல் உங்களை அழைக்க வேண்டும், தானாக முடிவெடுக்கக் கூடாது. உண்மையாகவே பொட்டலம் சிறுத்ததா, அல்லது தலைப்பில் தட்டச்சுப் பிழையா என்று ஒரு மனிதர் பார்த்துவிடலாம்.

```python
import re
P = re.compile(r"(?:(\d+)\s*[x×]\s*)?(\d+(?:\.\d+)?)\s*(kg|g)\b", re.I)
```

இது `1kg`, `500 g`, `2 x 500g` ஆகியவற்றைப் பிடிக்கும். `500g x 2` என்று திருப்பி எழுதியிருந்தால் அரைக் கிலோ என்றே நினைத்துக்கொள்ளும், கிலோ விலை இரண்டு மடங்காகத் தெரியும். எல்லா வடிவத்துக்கும் விதி எழுதிக்கொண்டே போவதற்குப் பதிலாக, ஒரு பொருளின் கிலோ விலை அதன் சொந்த இடைநிலை விலையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் தனியாக ஒதுக்கிவைத்துக் கண்ணால் பாருங்கள். முதல் நாளிலிருந்தே தவறாகப் படித்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்குப் புதுப் பொருள் ஒவ்வொன்றையும் சேர்க்கும்போதே ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

பைதான்_பாலன்

தலைப்பைக் குடைவது எதற்கு? பல சிறிய கடைகள் ஷாப்பிஃபையில் ஓடுகின்றன. முகவரியின் பின்னால் `/products.json` என்று போட்டால் விலை, இருப்பு, `grams` என்று எடை எல்லாமே சுத்தமாக வந்துவிடும்.

மசாலாக்கடை_அக்கா

அந்த `grams` அஞ்சல் கட்டணம் கணக்கிட நாங்கள் போடும் எடை, தம்பி. என் கடையில் 1 கிலோ பருப்புக்கு அட்டைப்பெட்டியும் சேர்த்து 1050 என்று இருக்கும். சில பொருளுக்கு 0 என்றே கிடக்கும். யாருக்கு நேரம்?

எண்மீனாள்

விலைக்கு அந்தக் கோப்பு நல்லதுதான். `?limit=250` என்று சேர்த்தால் ஒரே கேட்பில் 250 பொருள் வரை வரும், கடைக்கும் சுமை குறைவு. எடைக்கு மட்டும் நம்ப வேண்டாம். ஷாப்பிஃபை அல்லாத கடைகளில் `application/ld+json` என்ற பகுதியைத் தேடுங்கள். தேடுபொறிகளுக்காகக் கடைகள் எழுதிவைப்பது அது. உள்ளே `offers` என்பதன் கீழ் விலையும், `SGD` என்று நாணயமும் இருக்கும். கடை தன் தளத்துக்குப் புதுச் சாயம் பூசினாலும் இந்தப் பகுதி பெரும்பாலும் தப்பித்துவிடும்.

ஜூரோங்வாசி

கடைக்கார அக்கா சொன்னபடி மாற்றிவிட்டேன்: காலை ஐந்து மணி, பக்கத்துக்குப் பத்து விநாடி இடைவெளி, உண்மைப் பெயர். robots.txt-ஐயும் படிக்கத் தொடங்கினேன். ஒரு கடைக்கு மட்டும் `can_fetch` எல்லா முகவரிக்கும் `False` என்கிறது. உலாவியில் அந்த robots.txt-ஐத் திறந்தால் கூடையும் பணம் செலுத்தும் பக்கமும் மட்டுமே தடுக்கப்பட்டிருக்கின்றன.

எண்மீனாள்

`RobotFileParser`-இன் `read()` தன் சொந்தப் பெயரில், அதாவது `Python-urllib` என்று சொல்லிக்கொண்டு போய் அந்தக் கோப்பைக் கேட்கிறது. சில தளங்களின் காவல் அந்தப் பெயரைக் கண்டாலே 403 சொல்லி அனுப்பிவிடும். 401, 403 வந்தால் எல்லாமே தடை என்று அந்த நூலகம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் பெயரிலேயே கோப்பை எடுத்துக் கொடுங்கள்.

```python
r = session.get(base + "/robots.txt", timeout=20)
rp = RobotFileParser()
rp.parse(r.text.splitlines())
ok = rp.can_fetch("paruppu-vilai", url)
```

`parse`-க்கு முன்னால் `r.status_code` பாருங்கள். 404 என்றால் கோப்பே இல்லை, தடையும் இல்லை. 500 அல்லது அதற்கு மேல் வந்தால் அன்று அந்தக் கடையை விட்டுவிடுங்கள். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9309 என்ற வரையறையும் அதையே சொல்கிறது. உங்கள் உண்மைப் பெயருக்கும் 403 வந்தால், உலாவி வேடம் போட்டு நுழையாதீர்கள். மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் அந்தக் கடை உங்கள் பட்டியலில் வேண்டாம்.

பைதான்_பாலன்

இவ்வளவு பயம் தேவையா? சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் கணினி வழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படியெடுப்பதை அனுமதிக்கிறது. ஒப்பந்தம் போட்டுக்கூட அதை மறுக்க முடியாது. பிரிவு 244, படித்துப் பாருங்கள்.

எண்மீனாள்

படித்திருக்கிறேன். நீங்கள் சொல்வது பதிப்புரிமை வரைக்கும் சரி. ஆனால் அதே பிரிவு, முதல் படியை நீங்கள் சட்டப்படி அணுகியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. அடுத்தவர் சர்வரைத் திணறவைப்பது பதிப்புரிமைக் கேள்வியே இல்லை, அதற்குக் கணினி முறைகேட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் மசாலாக்கடை அக்காவின் மதிய நேர ஆர்டர் போனதற்கு பிரிவு 244 பதில் சொல்லாது.

உட்லண்ட்ஸ்_ஆசிரியர்

பொருளியல் கற்பிக்கிறேன். எண்மீனாள் தந்த முறையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு.

ஒரு பருப்பு 5.00 வெள்ளிக்கு விற்கிறது. காலாவதித் தேதி நெருங்குவதால் கடை 3.50க்குத் தள்ளுகிறது, குறியீடு இறங்குகிறது. பிறகு அது தீர்ந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்துப் புதுச் சரக்கு 5.00க்கு வருகிறது. ஏழு நாள் வரம்பு கடந்துவிட்டதால் முந்தைய விலையுடன் ஒப்பிட ஆள் இல்லை. இறங்கியது பதிவானது, ஏறியது பதிவாகவே இல்லை. இப்படிச் சில முறை நடந்தால், விலையே மாறாத ஒரு சந்தையில் உங்கள் குறியீடு மட்டும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே போகும். சராசரியின் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. இது தெரியாது, அதனால் இன்னும் மோசம்.

எண்மீனாள்

உண்மை. தள்ளுபடி விலையையும் வழக்கமான விலையையும் தனி நெடுவரிசைகளில் எழுதி, நீண்ட காலப் போக்குக்கு வழக்கமான விலையை மட்டும் பயன்படுத்தலாம். ஷாப்பிஃபையில் `compare_at_price` அதைத் தரும்.

மசாலாக்கடை_அக்கா

சிரிக்காதீர்கள். குறுக்கே கோடு போட்டு அடித்துக் காட்டும் அந்த விலை சில கடைகளில் ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும். அந்த விலைக்கு யாரும் வாங்கியதே கிடையாது.

உட்லண்ட்ஸ்_ஆசிரியர்

அதனால்தான் சொல்கிறேன், வரம்பைக் கூட்டுங்கள். ஏழு நாள் போதாது. இரண்டு மாதம் வரை கடைசி விலையைச் சுமந்தால் திரும்பி வரும் சரக்கை ஒப்பிட்டுவிடலாம்.

எண்மீனாள்

இரண்டு மாதம் 3.50இல் உறைந்து கிடக்கும் பொருளும் பொய்தானே, ஆசிரியரே? அந்த இடைவெளியில் மற்ற பருப்பெல்லாம் ஏறினால் இது காலைப் பிடித்து இழுக்கும். தள்ளுபடியில் தீர்ந்த பொருளை மட்டும் அதன் முந்தைய வழக்கமான விலைக்கு ஏற்றிவிட்டு, பிறகு வெளியேற்றுவது எனக்குச் சரியாகப் படுகிறது. எதைத் தள்ளுபடி என்று கொள்வது என்பதில் கடைக்கார அக்காவின் கோடு போட்ட விலை குறுக்கே நிற்கிறது. கடந்த 60 நாளில் அதிக நாள் நின்ற விலையை வழக்கமான விலை என்று எடுத்துப் பார்க்கலாம்.

உட்லண்ட்ஸ்_ஆசிரியர்

அதை ஏற்க எனக்கு முழு மனம் இல்லை. ஜூரோங்வாசி, இரண்டு முறையிலும் ஒரே வரைபடத்தில் கோடு போடுங்கள். இரண்டும் ஒட்டி ஓடினால் இந்த வாதமே வேண்டாம். விலகினால் எந்தப் பொருள் விலக்குகிறது என்று தேடலாம். புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் சில உணவுப் பொருள்களின் சராசரிச் சில்லறை விலையை வெளியிடுகிறது. அதில் உள்ள தாய்லாந்து அரிசிக்கும் இதே நிரலை ஓட்டினால் வெளியே இருந்து ஒரு சரிபார்ப்பும் கிடைக்கும். எண்கள் பொருந்த வேண்டியதில்லை, திசை பொருந்த வேண்டும்.

ஜூரோங்வாசி

இரண்டு கோடும் போட்டேன். இரு மாதம் ஒட்டித்தான் ஓடுகின்றன, கடைசி வாரத்தில் ஆசிரியரின் கோடு கீழே நிற்கிறது. ஒரே ஒரு கடையின் அரைக் கிலோ பொட்டலம்தான் காரணம், 2.60இலிருந்து 1.90க்குத் தள்ளிவிட்டுத் தீர்ந்திருக்கிறது. அது திரும்பி வரும் விலையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. மேட்பிளாட்லிப்பில் தலைப்பைத் தமிழில் எழுதினால் முதலில் கட்டங்கள் வந்தன. நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன். இப்போது எழுத்து வருகிறது, ஆனால் 'பொருள்' என்பதில் கொம்பும் காலும் தவறான இடத்தில் நிற்கின்றன.

பைதான்_பாலன்

எழுத்துரு பழையதாக இருக்கும். புதியதை இறக்குங்கள்.

எண்மீனாள்

எழுத்துருவில் குறை இல்லை. உங்களிடம் உள்ள மேட்பிளாட்லிப் பதிப்பு எழுத்துகளைத் தட்டச்சு செய்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. கொம்பை மெய்யெழுத்துக்கு முன்னால் கொண்டுவரும் வேலையை அது செய்வதில்லை. `mplcairo` என்ற துணை நூலகம் அதைச் செய்யும், நிறுவுவது கொஞ்சம் பாடு. படம் இணையத்தில்தான் போகிறது என்றால் பிளாட்லியில் வரையுங்கள், எழுத்தை உலாவி பார்த்துக்கொள்ளும். எதில் வரைந்தாலும் கோட்டைப் படி வடிவில் போடுங்கள், பிளாட்லியில் `line_shape="hv"`. திங்கள்கிழமை 4.00, வெள்ளிக்கிழமை 4.40 என்றால், செவ்வாய்க்கிழமை யாரும் 4.10க்குப் பருப்பு விற்கவில்லை.

அங்மோகியோ_தாத்தா

எல்லாம் படித்தேன். அந்த 1.90 வெள்ளிப் பொட்டலம் எந்தக் கடையில் இருந்தது என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை.